விடைபெறும் உரையில் ‘நானேதான்’

பணி நிரவலில் வேறு பள்ளிக்குச் செல்லும் ஆசிரியருக்கு ஒரு சங்கடம் உண்டு. அது அவர் கேட்டுப் பெற்ற மாறுதல் அன்று. மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் அவருடைய பணியிடம் உபரியாகிவிட்டது. மனத்தில் வருத்தம் இருக்கும்போதே, பிரிவு உபசார விழாவில் எழுந்து நன்றி சொல்ல வேண்டும்.

அறிவியல் ஆசிரியை ஒருவர் 11 ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றியவர். தாம் எழுதிய ஏற்புரையை விழாவுக்கு முந்தைய நாள் சக ஆசிரியை ஒருவரிடம் படித்துக் காட்டினார்.

“ஆய்வகத்தை நானேதான் சீர்செய்தேன். இனி வருபவராவது நிம்மதியாகப் பணியாற்றட்டும். இருந்தாலும் எல்லோருக்கும் நன்றி.”

கேட்டவர், “யாரைச் சொல்கிறீர்கள் டீச்சர்?” என்றார். உரையில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் ‘நானேதான்’ என்பது யாரும் உதவவில்லை என்கிறது. ‘வருபவராவது’ என்பது எனக்கு நிம்மதி இல்லை என்கிறது. ‘இருந்தாலும்’ என்பது நன்றிக்கு நீங்கள் உரியவர்கள் அல்லர் என்கிறது. தமிழில் மனக்குறை பெரும்பாலும் இத்தகைய சிறு சொற்களில்தான் வெளிப்படுகிறது.

அவற்றை நீக்கினால் மட்டும் போதாது. “அனைவருக்கும் நன்றி” என்ற பொதுவான வரி எதையோ மறைப்பதுபோல ஒலிக்கும். எனவே அந்த ஆசிரியை, ‘எனக்கு யார், எப்போது, என்ன செய்தார்?’ என்று யோசித்து மீண்டும் எழுதினார்.

“ஆய்வக அலமாரிகளை ஒரு சனிக்கிழமை முழுவதும் அலுவலக உதவியாளர் என்னுடன் சேர்ந்து துடைத்து அடுக்கினார். என் மகப்பேறு விடுப்பில் கணித ஆசிரியர் எட்டாம் வகுப்பு அறிவியலையும் சேர்த்து நடத்தினார். பணி நிரவலில் நாளை வேறு பள்ளிக்குச் செல்கிறேன். உங்களைப் பிரிவது வருத்தமாக இருக்கிறது. இருவருக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி.”

செல்லும் காரணத்தை அவர் ஒரே வரியில் உள்ளபடி சொல்லிவிட்டார். “மகிழ்ச்சியாகச் செல்கிறேன்” என்று பொய் சொல்லவில்லை. வருத்தத்தையும் மறைக்கவில்லை. பிரிவின் வருத்தத்தைச் சொல்லலாம். அது யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. மனக்குறைதான் ஒரு குற்றவாளியைத் தேடும்.

அப்படியானால் உண்மையிலேயே தவறு நடந்திருந்தால்? உபரி கணக்கிட்டதிலோ பணிமூப்பு வரிசையிலோ பிழை இருந்தால் அதை மனுவாக எழுதி, உரிய சான்றுகளுடன் கல்வி அலுவலகத்தில் அளிக்க வேண்டும். அங்கே அதைச் சரிசெய்ய வழி உண்டு. விழா மேடையில் சொன்னால் கேட்பவர்கள் சக ஆசிரியர்களும் மாணவர்களும்தான். அவர்களால் ஆணையை மாற்ற இயலாது. சங்கடப்பட மட்டுமே இயலும்.

உரையை எழுதியதும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் “யாரைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டால் இன்னும் ஏதோ ஒரு சொல் நீங்க வேண்டியிருக்கிறது. “அந்தச் சனிக்கிழமை எனக்கும் நினைவிருக்கிறது” என்றால் உரை சரியாக அமைந்துவிட்டது.