தேர்த் திருவிழாச் சுவரொட்டி: கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய முழு வாசகம்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் ஊர்தோறும் வணிகர் சங்கங்கள் வாழ்த்துச் சுவரொட்டி அச்சிடுவது வழக்கம். முன்பெல்லாம் ஓவியர் வரைந்து கொடுப்பார். இல்லையேல் பழைய புகைப்படத்தை எடுத்து ஒட்டுவார்கள். இப்போது பல சங்கங்களில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நாலு வரி எழுதிப் படம் வாங்கிவிடுகிறார்கள். படம் பளபளவென்று வருகிறது. ஆனால் சுவரில் ஒட்டிய மறுநாளே, "இது எந்த ஊர்த் தேர்?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கத் தொடங்கி விடுகிறார்கள். வடம் பிடித்து வளர்ந்த ஊர்க்காரர்களிடம் வேறு தேரைக் காட்டிவிட்டுத் தப்ப முடியாது.

கோளாறு வாசகத்தில்தான் இருக்கிறது. மளிகைச் சீட்டில் 'பருப்பு' என்று மட்டும் எழுதி அனுப்பினால் கடைப்பையன் கைக்கு வந்ததைக் கட்டிக் கொடுப்பான். 'கோயில் தேர், மாலை நேரம், கூட்டம்' என்று எழுதினாலும் அப்படியே. குதிரை பூட்டிய போர் ரதம் வரும். பூரி ஜகந்நாதர் ரதம் வரும். அல்லது கல்கோபுரத்துக்கு அடியில் ஆரக்கால் சக்கரம் வைத்து ஒன்று வரும். நம் தேர் எப்படி இருக்கும் என்று உறுப்பு உறுப்பாகச் சொன்னால்தான் நம் தேர் கிடைக்கும்.

திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்வோம். அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அடியில் சிற்பங்கள் செதுக்கிய மரப்பீடம். அதன் மேல் மூங்கிலும் மரமும் கட்டி எழுப்பி, வண்ணத் தேர்ச்சீலை போர்த்திய விமானம். சுற்றிலும் தொங்கும் தொம்பைகள். உச்சியில் கலசம். முன்னால் பாய்கிற பாவனையில் மரக்குதிரைகள். இவற்றில் கம்ப்யூட்டர் தானாக அறிந்து போடுவது கலசம் ஒன்றுதான் என்று சொல்லலாம். மற்றவற்றை நாம்தான் எழுத வேண்டும்.

அடுத்தது மாலை நேரம். பெரும்பாலான ஊர்களில் தேர் காலையில் புறப்படுகிறது. அந்தி வேளையில் தேர் எங்கே இருக்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும். கிழக்கு நோக்கிய கோயிலில் தேர் கீழவீதி நிலையிலிருந்து கிளம்பித் தெற்கு வீதி, மேல வீதி சுற்றி, கடைசியாக வடக்கு வீதியில் கிழக்கு நோக்கி வரும். வடகிழக்கு முனையில் நிற்பவருக்குத் தேர் நேர் எதிரே வருகிறது. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறது. கோயில் இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே தேரின் முகத்தில் வெயில் விழாது, விளக்கொளிதான் விழும். இந்த ஒரு விவரத்தை எழுதாவிட்டால் முன்னும் பின்னும் ஒரே ஆரஞ்சு நிறமாக அடித்து, விளக்கு எரிவதே தெரியாமல் போகும்.

இன்னொன்று. 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்று எழுதுவது பல செயலிகளில் எதிராகவே முடிகிறது. பெயர் சொன்ன பொருளையே வரைந்து வைக்கும். 'ஆரக்கால் வேண்டாம்' என்பதை விட 'இடைவெளி இல்லாத திண்ணிய சக்கரம்' என்பதே வேலைக்காகும். இனி வாசகம்:

"நிமிர்ந்த சுவரொட்டி, அகலம் இரண்டு பங்கு, உயரம் மூன்று பங்கு. தமிழ்நாட்டுக் கோயில் தேர் வடக்கு வீதியில் நம்மை நோக்கி வருகிறது. கடை மாடியில் நின்று பார்க்கும் கோணம். தேரின் அடிப்பாகம் சிற்பங்கள் செதுக்கிய கருமையான மரப்பீடம். இடைவெளி இல்லாத திண்ணிய பெரிய சக்கரங்கள். அதன் மேல் சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணி போர்த்திய உயரமான விமானம், மேலே போகப்போகக் குறுகி உச்சியில் பொன்னிறக் கலசத்துடன் முடிகிறது. சுற்றிலும் உருளை வடிவத் துணித் தொம்பைகள் தொங்குகின்றன. முன்புறம் பாயும் நான்கு மரக்குதிரைகள். தேர்ப்பீடத்திலிருந்து நான்கு பருத்த வடங்கள் இறுக்கமாக நீண்டு வருகின்றன. வேட்டி கட்டிய ஆண்களும் புடவை கட்டிய பெண்களும் இழுக்கிறார்கள். கீழே முன்வரிசையில் நிற்பவர்களின் முதுகும் தலையும் மட்டும் தெரிகின்றன. சூரியன் மறைந்து பத்து நிமிடம். தேருக்குப் பின்னால் அடிவானத்தில் மெல்லிய செம்மை, மேலே கருநீலம். தேரின் முகப்பிலும் வீதியின் இருபுறத் திண்ணைகளிலும் விளக்குகளின் மஞ்சள் ஒளி. தேர் மண்டபத்தின் உள்ளே பூமாலைகளும் தீப ஒளியும் மட்டும். வீதி ஓரக் கம்பங்களில் எழுத்தும் சின்னமும் இல்லாத காவி நிற முக்கோணக் கொடிகள். இடப்பக்கம் தொலைவில் கோபுரம். தேரைச் சுற்றியும் மேலேயும் திறந்த வானம். படத்தின் மேல் கால்பகுதி வெறும் வானம்."

சில இடங்களுக்கு விளக்கம் தேவை. கொடியை ஒரே நிறம் என்று கட்டிப்போட்டது, விட்டால் இரண்டு மூன்று நிறம் கலந்து ஏதாவது ஒரு கட்சிக் கொடி போல வந்துவிடும் என்பதால். எல்லாக் கட்சிக்காரரும் நம் கடைக்கு வருகிறவர்கள். காவியும் உங்கள் ஊரில் பேச்சாகும் என்றால் மஞ்சள் போடுங்கள். சுவாமி திருவுருவத்தைக் கேட்காதது, கை எண்ணிக்கையும் ஆயுதமும் தப்பாக வரும் என்பதால். திறந்த வானம், வெறும் வானம் என்று இருமுறை சொன்னது மின்கம்பிக்காக. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்தார்கள். கம்பி தொடுகிற தேரை எந்தச் சங்கமும் சுவரில் ஒட்ட முடியாது. திருவாரூரில் தேரைப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுவதுண்டு. அதைப் படத்தில் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்!

குதிரை, வடம், சீலை நிறம் ஆகியவற்றை உங்கள் ஊர்த் தேரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்த்தட்டில் நின்று வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் வாசகத்தைப் படித்துக் காட்டினால் கால் மணி நேரத்தில் திருத்திக் கொடுப்பார்.

படம் வந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வடத்தையும் விரலால் தொடர்ந்து போனால் அது தேரில் போய்ச் சேர வேண்டும். பாதியில் கூட்டத்துக்குள் மறைந்து வேறு இடத்தில் முளைப்பது சாதாரணம். பிறகு வடம் பிடித்த கைகள், அப்புறம் கடைப் பலகைகள். பலகையில் தமிழ் போலத் தோன்றும் கிறுக்கல் இருக்கும். தப்பு ஒன்று என்றால் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றைத் திருத்தும்போது சரியாக இருந்த வேறொன்று கெடுவதும் உண்டு. எனவே ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சேமித்து வைப்பது நல்லது. சங்கத்தின் பெயர், வாழ்த்து எதையும் செயலியிடம் எழுதச் சொல்லாதீர்கள். மேலே விட்ட காலி வானத்தில் டி.டி.பி. செய்பவர் எழுத்தைச் சேர்ப்பார். ஓரத்தில் 'சித்தரிப்புப் படம்' என்று சிறியதாகப் போட்டுவிட்டால், இது எந்த ஆண்டு எடுத்த போட்டோ என்ற கேள்வி வராது.

அச்சகத்தில்தான் கடைசிச் சிக்கல். சில செயலிகள் கொடுக்கும் படம் 1024க்கு 1536 புள்ளி அளவில் இருக்கும். இதை 20க்கு 30 அங்குலச் சுவரொட்டியாக அடித்தால் அங்குலத்துக்கு 51 புள்ளிதான் விழும். முகங்கள் கரைந்து போகும். பெரிதாக்கும் மென்பொருளில் நான்கு மடங்கு ஆக்கினால் அங்குலத்துக்கு 200 புள்ளிக்குச் சற்று மேல் வரும்; சுவரொட்டிக்கு அது தாராளம். ஆனால் பெரிதாக்கும்போது இல்லாத கண்ணும் மூக்கும் முளைப்பதுண்டு என்பதால் மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும். திரையில் ஒளிரும் கருநீலம் நான்கு வண்ண அச்சில் ஊதாவாகவோ மங்கலாகவோ இறங்கும். ஆயிரம் பிரதிக்கு ஆர்டர் கொடுக்கும் முன், எந்தத் தாளில் அடிக்கப் போகிறார்களோ அந்தத் தாளிலேயே ஒரு மாதிரி வாங்கி, பகல் வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.