"பாக்கலாம்டா" என்று மட்டும் பதில் வந்தால்

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவர் குமார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மாலை ஹெச்.ஆர். கூப்பிட்டார். "இன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளமும் குறையில்லாத ரிலீவிங் லெட்டரும் உண்டு, மறுத்தால் நாங்களே நீக்குவோம்" என்றார். குமார் கையெழுத்துப் போட்டுவிட்டார். மனைவிக்குத் தெரியும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத் தெரியாது.

கல்லூரி நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "என்னடா, ஆபீஸ் எப்படிப் போகுது?"

"போகுது மச்சி. இப்ப பெஞ்ச்."

சில வாரம் கழித்து: "வேற எங்கயாவது ட்ரை பண்றியா?"

"ஒண்ணு ப்ராசஸ்ல இருக்கு. அப்டேட் பண்றேன்."

மறுபடியும்: "அந்த இன்டர்வியூ என்னாச்சு?"

"பாக்கலாம்டா."

அதற்கடுத்த கேள்விக்குக் கட்டைவிரல் மட்டும் வருகிறது.

நண்பனுக்குக் கோபம் வருவது இயல்புதான். ஆனால் குமார் ஏமாற்றவில்லை. வேலை போனதைச் சொல்ல வாய் வராதவர்கள் 'பெஞ்ச்' என்று சொல்லித் தப்பிப்பது ஐ.டி. வட்டாரத்தில் சகஜம். வெளியே அனுப்பும்போது கையெழுத்து வாங்கும் தாளில், இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்ற நிபந்தனையும் பல இடங்களில் இருக்கும். பேசினால் அந்த இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிடுமோ என்ற பயமே அவர் வாயை அடைத்திருக்கலாம்.

'ப்ராசஸ்' என்பதும் உண்மையான பதில்தான். மூன்று சுற்று முடிந்து, "சொல்லி அனுப்புகிறோம்" என்றதோடு அந்தக் கம்பெனி அமைதியாகியிருக்கும். கிடைத்ததா இல்லையா என்பது குமாருக்கே தெரியாது. "என்னாச்சு" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், இன்னும் உறுதியாகாத தோல்வியை அவரே அறிவிக்கும்படி நாம் செய்கிறோம். 'பாக்கலாம்' என்றால் பெரும்பாலும் அது கைநழுவிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கட்டைவிரலுக்குப் பொருள், உன்னை விட்டுப் போகவில்லை, பேசத்தான் தெம்பில்லை என்பது. (நீல டிக்கை அணைத்துவிட்டான், ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்லைனில் இருந்தான் என்று துப்பறிவதால் பயனில்லை. அந்த நேரத்தில் அவர் நௌக்ரியில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கலாம்.)

இந்தக் கட்டத்தில் அனுப்ப வேண்டியது, பதில் தேவைப்படாத செய்தி. "ஏதாவது உதவி வேணும்னா கேளு" என்பது கேட்க நல்லாயிருக்கும், ஆனால் கேட்கும் பாரத்தை அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. அதைவிட, "ஞாயித்துக்கிழமை காலைல பெசன்ட் நகர் பக்கம் வர்றேன், டீ குடிக்கலாம். முடியலன்னா பரவால்ல, பதில் போட வேணாம்" என்று எழுதலாம். வேலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். கடன் கொடுக்க வசதி இருந்தால் தொகையைச் சொல்லியே எழுதுங்கள்: "என்கிட்ட இருபதாயிரம் சும்மா கிடக்கு, ஜூன் வரைக்கும் தேவைப்படாது." எவ்வளவு கேட்பது என்ற கூச்சம் அவருக்கு அதோடு போய்விடும். அவரைக் கேட்காமல் அவருடைய ரெஸ்யூமேயை குரூப்பில் போட்டு "நம்ம பையன், யாராவது பாருங்கப்பா" என்று எழுதுவது மட்டும் கூடவே கூடாது. அதே குரூப்பில் அவருடைய மச்சான் இருப்பான்.

விவரம் எதையும் கேட்காமலே கொடுக்கக்கூடிய இன்னொன்று, தகவல். "உனக்காக" என்று சொல்லாமல், "ஆபீஸ்ல ஒருத்தருக்காக விசாரிச்சேன், உனக்கும் தெரிஞ்சிருக்கட்டும்" என்று அனுப்பிவிடலாம். ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும், சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை உண்டு. குமாரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஏழு ஆண்டுக்குக் கணக்கிட, ஏறக்குறைய 1,61,500 ரூபாய் வரும். ராஜினாமா செய்ததால் இது போய்விடாது. நிறுவனம் மனமிரங்கிக் கொடுக்கும் 'இரண்டு மாதச் சம்பளத்துக்குள்' அடங்கிவிடுவதும் அல்ல. தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடலாம்.

பலர் கோட்டைவிடுவது மருத்துவக் காப்பீட்டில். கம்பெனியின் குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்டால், ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேர வழி இருக்கிறது. பாலிசி முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பதால், இந்தச் செய்தியை எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறீர்களோ அவ்வளவு நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்காமல் இருப்பதைப் பற்றி. கேட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு.

மாதக்கணக்கில் மழுப்பிக்கொண்டிருந்தவர் திடீரென்று உற்சாகமாகி, "ஒண்ணு செட் ஆகிடுச்சு மச்சி, தாய்லாந்து. அடுத்த வாரமே கிளம்பணும். யார்கிட்டயும் சொல்லாத" என்று எழுதினால் வாழ்த்துச் சொல்லும் முன் நிறுத்துங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கூட்டங்களிடம் தமிழ்நாட்டு இளைஞர்களும் சிக்கினார்கள். 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரித்தது. இங்கே கேட்க வேண்டியவை மூன்றுதான்: என்ன விசா, ஏஜென்ட் பெயர் என்ன, எவ்வளவு பணம் கட்டினாய். பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் emigrate.gov.in தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். உள்ளூர் வேலைக்கு 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று பணம் பறிகொடுத்திருந்தால், உடனே 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கை யாருக்காவது 'வாடகைக்கு' விடப்போவதாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது இவரைத்தான்.

இன்னொரு வகைப் பதிலும் உண்டு. "நான் எல்லாருக்கும் பாரம்டா", "இனிமே தொந்தரவு இருக்காது", காரணமில்லாமல் ஒரு நன்றி, "குழந்தையைப் பாத்துக்கோ". இதற்கு மெசேஜில் பதில் போடாதீர்கள். போன் போடுங்கள், எடுக்காவிட்டால் நேரில் போங்கள். "செத்துடலாம்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; பேச ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் பெரும்பாலும் வரும். ஆம் என்றால் தனியே விடாமல், மனைவிக்குத் தெரிவியுங்கள். ரகசியம் காக்கும் வாக்குறுதி இந்த ஓர் இடத்தில் செல்லாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதுதான் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

அரசின் டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய இரண்டு எண்களிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் கிடையாது. நண்பரைப் பற்றிக் கவலைப்படும் நீங்களும் அழைத்து, என்ன செய்வது என்று கேட்கலாம்.