ஸ்லைஸும் ஹுக்கும்: இரண்டு கோணங்களின் கணக்கு

கோல்ஃப் கிளப்பின் முகம் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியின் 2000-இல் ஒரு பங்கு நேரம்தான். பந்து நேராகப் போகுமா, வளையுமா என்பது அதற்குள் முடிவாகிவிடுகிறது. அதை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு: அந்தக் கணத்தில் கிளப் முகம் பார்த்துக்கொண்டிருக்கும் திசை, கிளப் தலை நகர்ந்துகொண்டிருக்கும் திசை. இரண்டாவதை ஸ்விங் பாதை என்பார்கள். இங்கே சொல்லப்படுவதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கை ஆட்டக்காரர் இடவலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பந்து ஸ்விங் பாதையில் கிளம்பி, பிறகு கிளப் முகம் பார்த்த பக்கம் வளைகிறது என்றுதான் பயிற்சியாளர்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள். டென்மார்க்கின் டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் பந்தையும் கிளப்பையும் சேர்த்தே அளக்கத் தொடங்கியபின் இந்தப் பாடம் பொய்த்தது. பந்து கிளம்பும் திசையில் பெரும்பங்கு முகத்தினுடையது. டிரைவரில் அது ஏறக்குறைய 85 சதவீதம், அயர்ன் கிளப்புகளில் 75 சதவீதம்; மீதிதான் பாதையின் பங்கு.

வளைவு வேறு வழியில் வருகிறது. அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றபடியே பறக்கிறது; அந்தச் சுழற்சிதான் அதைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறது. முகமும் பாதையும் ஒரே திசையில் இருந்தால் சுழற்சியின் அச்சு தரைக்கு இணையாக இருக்கும். தூக்கும் விசை நேர்மேலே செயல்படும். முகம் பாதைக்கு வலப்புறமாகத் திறந்திருந்தால் அச்சு வலப்பக்கம் சாய்கிறது. தூக்கும் விசையும் கூடவே சாய்ந்து பந்தை வலப்புறம் இழுக்கிறது. இழுப்பு மிதமாக இருந்தால் ஃபேட், மிஞ்சினால் ஸ்லைஸ். முகம் பாதைக்கு இடப்புறமாக மூடியிருந்தால் டிரா, அது முற்றினால் ஹுக். ஆகவே வளைவைப் பொறுத்தவரை முகம் இலக்கைப் பார்க்கிறதா என்பது கேள்வியே அல்ல. பாதையிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

புதிதாக ஆடுபவர்களிடம் அதிகம் காணப்படும் ஸ்லைஸை எடுத்துக்கொள்வோம். டிரைவர் வெளியிலிருந்து உள்நோக்கி, அதாவது இலக்குக்கு 6 டிகிரி இடப்புறமாக வீசப்படுகிறது. முகம் இலக்குக்கு 2 டிகிரி இடப்புறம் பார்க்கிறது. இலக்கை வைத்துப் பார்த்தால் முகம் மூடியிருக்கிறது. பாதையை வைத்துப் பார்த்தால் 4 டிகிரி திறந்திருக்கிறது. பந்து இலக்குக்கு இரண்டரை டிகிரி இடப்புறமாகக் கிளம்பும். 200 கஜம் பறக்கும் அடியில் அந்த விலகல் சுமார் 9 கஜம். ஆனால் அந்த 4 டிகிரி வித்தியாசம் அச்சை ஏறக்குறைய 15 டிகிரி சாய்த்து, பந்தை 20 கஜம் போல வலப்புறம் கொண்டுபோகும். முடிவில் பந்து இலக்குக்குப் பத்துக் கஜத்துக்கும் மேல் வலப்புறம் விழுகிறது.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். பந்து வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்று வீசுகிறார்கள். பாதை 9 டிகிரி இடப்புறம் போய், முகம் 2 டிகிரியிலேயே நின்றால் வித்தியாசம் 7 டிகிரி ஆகிவிடும். ஸ்லைஸ் முன்னைவிட மோசமாகும். பாதையை இலக்கு நோக்கிக் கொண்டுவந்து, முகத்தையும் அதோடு பொருந்த வைப்பதே திருத்தம். இரண்டும் பொருந்தி, ஆனால் இலக்கை விட்டு விலகியிருந்தால் பந்து வளையாமல் நேர்கோட்டிலேயே தவறான இடத்துக்குப் போகும். வலப்புறம் போனால் அது புஷ், இடப்புறம் போனால் புல்.

ஒரே வித்தியாசம் எல்லாக் கிளப்பிலும் ஒரே அளவு வளைவைத் தருவதில்லை. வெட்ஜின் முகம் மேல்நோக்கி அதிகம் சாய்ந்திருப்பதால் பின்சுழற்சி வலுவாக இருக்கும். அச்சு எளிதில் சாயாது. 2012 மாஸ்டர்ஸ் போட்டியின் பிளே-ஆஃபில், இடக்கை ஆட்டக்காரரான பப்பா வாட்சன் மரங்களுக்கு நடுவிலிருந்து 52 டிகிரி வெட்ஜால் பந்தைப் பெரிதாக ஹுக் செய்து கிரீனில் இறக்கியது இதனால்தான் அவ்வளவு அரிய அடி. டிரைவரிலோ ஓரிரு டிகிரி பிசகே கண்ணுக்குத் தெரியும்.

கருவி இல்லாமலும் தவறைக் கண்டுகொள்ளலாம். பந்து எந்தப் பக்கம் கிளம்புகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்; முகம் பார்த்த திசை ஏறக்குறைய அதுதான். வலப்புறம் வளைந்தால் பாதை முகத்துக்கு இடப்புறம் இருந்திருக்கிறது. இடப்புறம் வளைந்தால் வலப்புறம். ஆனால் பந்து முகத்தின் நடுவில் பட்டிருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். டிரைவரின் நுனிப்பக்கத்தில் பட்டால் கிளப் தலை திருகிக்கொண்டு பந்துக்கு ஹுக் சுழற்சியைக் கூட்டும். தண்டை ஒட்டிய பகுதியில் பட்டால் ஸ்லைஸ் சுழற்சியைக் கூட்டும். முகத்தில் லேசாகப் பவுடர் தூவி அடித்தால் பட்ட இடம் தடமாகத் தெரியும். தடம் நடுவை விட்டு விலகியே விழுந்துகொண்டிருந்தால், கோணங்களில் கைவைக்குமுன் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.