சூரிட்டி கையெழுத்து: நண்பனிடம் மறுப்பது எப்படி?

“மாப்ள, சும்மா ஒரு கையெழுத்துதான். கட்டப்போறது நான்.” சூரிட்டி கேட்டு வருகிற நண்பர் பெரும்பாலும் இதை நம்பித்தான் சொல்கிறார். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும் என்று வங்கியிடம் வாதிட முடியாது. 1968-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

நண்பர் 12 சதவீத வட்டியில் 5 லட்சம் ரூபாயை ஐந்து வருடத் தவணையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 11,120 ரூபாய். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, வேலை போய் நின்றுவிட்டால், அசலில் மட்டும் இன்னும் 4.22 லட்சம் பாக்கி. அதன்மேல் வட்டியும் ஏறும். அந்த நேரத்தில் “என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்” என்று எழுதிக் கொடுத்துப் பயனில்லை. அவர் ஒழுங்காகக் கட்டிவந்தாலும் அந்தக் கடன் உங்கள் சிபில் அறிக்கையில் இருக்கும். நாளை நீங்கள் வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கி அதையும் கணக்கில் எடுக்கக்கூடும்.

ஆகவே மறுப்பதென்றால் பணம் கைமாறும் முன்பே மறுக்க வேண்டும். நட்பை அதிகம் கெடுப்பது “பார்க்கலாம்டா” என்ற பதில்தான் என்பேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தில் உங்கள் பெயரை எழுதிவிடுவார், வேறு ஆளைத் தேடமாட்டார். கடைசி நாளில் நீங்கள் பின்வாங்கினால் அவர் கடனே நின்றுபோகும். கேட்ட ஓரிரு நாளிலேயே, நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

மனைவி மீது பழிபோடாதீர்கள். “நான் தங்கச்சிகிட்டயே பேசிக்கிறேன்” என்று அவர் வீட்டுக்கு வந்து நிற்பார். பிறகு அந்த வருத்தம் அந்த அம்மாவின் தலையில் விடியும். அவருடைய நாணயத்தைப் பற்றியும் பேச வேண்டாம். உங்கள் நிலைமையை மட்டும் சொல்லுங்கள்: “டேய், நீ கட்டுவேன்னு எனக்குத் தெரியும். ஆனா உனக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, மாசம் பதினோராயிரம் எடுத்து வைக்க என் சம்பளத்துல இடமில்ல. அதனால யாருக்கும் சூரிட்டி போடுறதில்லன்னு இருக்கேன்.” அப்படிச் சொன்னபின் மைத்துனர் கேட்டாலும் போடக் கூடாது. போட்டால் அது நண்பர் காதுக்கு எட்டும், “யாருக்கும்” என்ற சொல் பொய்யாகும்.

பணம் எதற்கு என்று அப்போதே கேளுங்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு 2 லட்சம்தான் அவசரம் என்றால் 5 லட்சக் கடனே தேவைப்படாது. வீட்டு நகையை வங்கியில் வைத்தால் பொதுவாகச் சூரிட்டி கேட்பதில்லை. நாலைந்து வருடம் கட்டிய எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் அதன்மேல் கடன் கிடைக்கலாம். உங்களால் முடிந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை, இருபதாயிரமோ முப்பதாயிரமோ, கையில் கொடுங்கள். மறுத்த அடுத்த வாரம் போன் செய்ய வேண்டியவரும் நீங்கள்தான். அவர் கூச்சத்தில் ஒதுங்கியிருப்பார்.