கடைக்குப் போகும் கரிசலாங்கண்ணி எண்ணெய்

தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சத் தெரிந்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். "கடையில் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும்" என்று உறவினர்கள் ஏற்றிவிட, மறுநாளே பாட்டில் வாங்கக் கிளம்புபவர்களும் உண்டு. ஆனால் வீட்டு எண்ணெய் ஒன்றிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். கடைக்குப் போகும் எண்ணெய் அப்படியல்ல. ஏஜென்ட்டின் குடோனிலும் வெயில் அடிக்கும் அலமாரியிலுமாக ஒரு வருடத்துக்கு மேல் கெடாமல் இருந்தாக வேண்டும்.

கெடுக்கும் முதல் எதிரி தண்ணீர். இலைச்சாறு சேர்த்த எண்ணெயில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் போனதும் சரசரவென்று ஏறும். அந்த நேரத்தில் அடுப்பை அணைக்கத் தவறினால் எண்ணெய் கருகும், முந்திவிட்டால் ஈரம் தங்கும். தைலம் காய்ச்சுபவர்கள் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். அடியில் படியும் கல்கத்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தீயில் போடுவார்கள். படபடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, சத்தமில்லாமல் எரிந்தால் பதம் வந்துவிட்டது. சிறு ஆலையில் இந்தச் சோதனையோடு ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். கை பழகியவருக்கு உடம்பு சரியில்லாத நாளிலும் அதே பதம் வர வேண்டுமல்லவா?

எடுத்த எடுப்பில் 100 லிட்டர் காய்ச்சக் கூடாது. 5 லிட்டர் வீதம், ஒரே அளவில், குறைந்தது மூன்று பேட்ச் போட்டுப் பார்க்க வேண்டும். மழைக்காலத்துக் கரிசலாங்கண்ணியில் நீர் அதிகம், கோடையில் குறைவு என்பதால் நிறமும் காய்ச்சும் நேரமும் மாறும். வடிகட்டிய பிறகு எவ்வளவு எண்ணெய் தேறியது என்று ஒவ்வொரு முறையும் எடை போட்டு எழுதிவைத்தால்தான், சக்கையோடு போகும் நஷ்டம் பின்னால் விலைக்கணக்கில் சரியாக ஏறும்.

பிறகு காத்திருப்பு. ஒரு பாட்டிலை இருட்டு அலமாரியிலும், ஒன்றை வெயில் படும் ஜன்னலிலும், ஒன்றை 40 டிகிரி சூட்டிலும் வைத்து வாராவாரம் நிறமும் வாடையும் பார்க்கிறார்கள். பச்சை மூலிகை எண்ணெயில் ஜன்னலோரப் பாட்டில்தான் பெரும்பாலும் முதலில் தோற்கும். இலையின் பச்சையம் வெளிச்சத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை விரைவுபடுத்துகிறது, நிறமும் பழுப்பாகிறது. அழகாகத் தெரியட்டுமே என்று கண்ணாடி மாதிரியான பாட்டிலில் பச்சை எண்ணெயை அடைப்பவர்கள் இங்கேதான் அடிவாங்குகிறார்கள். வெளிச்சம் புகாத பாட்டில் பார்க்கச் சுமார்தான், ஆனால் சரக்குத் திரும்பி வராது. அமில எண், பெராக்சைடு எண் இரண்டையும் ஆய்வகத்தில் தொடக்கத்திலும் சில மாதம் கழித்தும் பார்த்தால், மூக்குக்குத் தெரியும் முன்பே கெடுதல் தெரிந்துவிடும்.

இன்னொன்று உரிமம். தலைமுடி எண்ணெய் சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பனைக்குத் தயாரிக்க 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில அரசின் உரிமம் வேண்டும். சொந்த ஆலை இல்லாதவர்கள், உரிமம் உள்ள ஆலையில் காய்ச்சிக்கொள்ள லோன் லைசென்ஸ் எடுக்கலாம். லேபிளில் 'வழுக்கையில் முடி முளைக்கும்' என்று ஆசையாக எழுதிவிடக் கூடாது. மருந்து விதிகளின் ஜே அட்டவணைப்படி, வழுக்கையையும் இளநரையையும் தீர்ப்பதாக மருந்துகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. எண்ணெய் எந்த மூலைக்கு?

லேபிளின் ஒரு சொல் வரியையே மாற்றிய கதையும் உண்டு. சின்ன பாட்டிலில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைமுடி எண்ணெயா என்ற வழக்கு பல வருடம் நடந்தது. பாட்டிலின் அளவை மட்டும் வைத்து அதைத் தலைமுடி எண்ணெய் என்று சொல்லிவிட முடியாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலைமுடி எண்ணெய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் தலைமுடி எண்ணெய்க்கும் 5 சதவீதமாகிவிட்டதால், புதிதாக வருபவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

விலையைச் செலவிலிருந்து மேலே கூட்டிக்கொண்டு போவதைவிட, எம்ஆர்பியிலிருந்து கீழே கழித்துக்கொண்டு வருவது நல்லது. உதாரணத்துக்கு 100 மில்லி பாட்டில் 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி போக மீதி சுமார் 124. கடைக்காரருக்கு 20 சதவீதம் விட்டால் 99. ஸ்டாக்கிஸ்டுக்கு 8 சதவீதம் கொடுத்தால் தயாரிப்பாளர் கைக்கு வருவது 91 ரூபாய். எண்ணெயை வாங்குவது கிலோவில், விற்பது மில்லியில் என்பதை இங்கே மறக்கக் கூடாது; 100 மில்லி தேங்காய் எண்ணெயின் எடை சுமார் 92 கிராம்தான். கிலோ 350 ரூபாய் என்றால் பாட்டிலுக்கு 32 ரூபாய் எண்ணெய். மூலிகைக்கும் காய்ச்சலில் போகும் சேதாரத்துக்கும் 10, பாட்டில், மூடி, லேபிளுக்கு 14, கூலிக்கும் கேஸுக்கும் 8, லாரி வாடகைக்கு 4. டஜனுக்கு ஒன்று இலவசம் என்ற ஸ்கீமும் சாம்பிளும் சேர்ந்து 10. மொத்தம் 78 போக, மிஞ்சுவது 13 ரூபாய்.

இப்போது எண்ணெய் கிலோ 450 ஆகட்டும். செலவு 9 ரூபாய் கூடி, மிச்சம் 4 ரூபாயாகிவிடும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025இல் கொப்பரை விலை ஏறிய வேகத்தைக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கேட்டாலே சொல்வார்கள். அச்சடித்த எம்ஆர்பியை நினைத்த நேரத்தில் உயர்த்த முடியாது. அதனால் லேபிளை மொத்தமாக ஒரு வருடத்துக்கு அடிப்பதைவிட, சில்லறையாக அடிப்பது கொஞ்சம் செலவு கூடினாலும் புத்திசாலித்தனம்.

முதல் கடைகள் எவை? பெரிய சூப்பர் மார்க்கெட் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. அங்கே அலமாரி இடத்துக்கே பணம் கேட்கலாம், பாக்கி வர மாதக்கணக்கில் ஆகலாம், விற்காத சரக்கு அப்படியே திரும்பும். நாட்டு மருந்துக் கடையில் நிலைமை வேறு. 'முடி கொட்டுது' என்று கேட்டு வருபவரிடம் கடைக்காரரே ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். ஒரே ஊரில் நடந்தே சுற்றி வரக்கூடிய இருபது கடைகளுக்கு, கடைக்கு ஒரு டஜன் கொடுத்து, பில் டு பில் முறையில், அதாவது பழைய பில்லுக்குக் காசு வந்த பிறகே புதுச் சரக்கு என்று ஓட்டினால் முதல் பணம் முடங்காது. ஸ்டாக்கிஸ்ட் அதற்குப் பிறகு போதும். கடைகள் தானாகக் கேட்கத் தொடங்காத சரக்கை அவரும் குடோனில்தான் போட்டுவைப்பார்.

முதல் டஜன் போனது வெற்றிக்கு அடையாளமல்ல. ஒரு வீட்டில் 100 மில்லி தீரவே சில வாரங்களாகும், அதன் பிறகு வரும் ஆர்டரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து இருபதில் எத்தனை கடைகள் மறுபடி கேட்டன என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். பெரிய சர்வே எதுவும் தேவையில்லை.

வரும் குறைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்கழியில் 'உறைஞ்சு போச்சு' என்றால் அது குறையே இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், லேபிளில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. பெட்டியில் கசிவு என்றால் மூடியும் உள் சீலும்தான் சந்தேகத்துக்குரியவை. ஒரே பேட்சில் இரண்டு மூன்று பேர் வாடை என்று சொன்னால், விவாதிக்காமல் அந்தப் பேட்ச் முழுவதையும் கடைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். அரிப்பு, தடிப்பு என்றால் இன்னும் அவசரம்.

இதெல்லாம் நடக்க, பாட்டிலில் பேட்ச் எண் இருந்தாக வேண்டும். வாங்குபவர்களும் அதைத் திருப்பிப் பார்க்கப் பழகலாம். உரிம எண், பேட்ச் எண், தயாரித்த மாதம், முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், எவ்வளவு வாசனையாக இருந்தாலும் அந்த எண்ணெயை வாங்காதீர்கள்.