டீ, காபி, சிகரெட் கறை: பல்லுக்கு பாலிஷ் போதுமா, ஒயிட்டனிங் வேண்டுமா?

புதுச்சேரி சாரத்தில் கடை வைத்திருக்கும் 35 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஷட்டர் தூக்கியதும் ஒரு டீ, பதினோரு மணிக்கு ஒன்று, சாயந்தரம் ரெண்டு. ஒவ்வொரு டீக்கும் ஒரு சிகரெட். தங்கை கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கே என்று கண்ணாடியில் பார்த்தால் பல் முழுக்க பழுப்பு. நேராகப் பல் மருத்துவரிடம் போய், "டாக்டர், ஒயிட்டனிங் பண்ணிடுங்க" என்கிறார்.

பெரும்பாலானோர் கேட்பது இதைத்தான். ஆனால் இவருக்குத் தேவை ஒயிட்டனிங்தானா? வாயைத் திறந்து பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. கறை பல்லின் மேல் இருக்கிறதா, பல்லுக்குள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

டீ எப்படி பல்லில் ஒட்டுகிறது?

பல் தேய்த்து முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. இது கெட்டது இல்லை, அமிலத்திலிருந்து எனாமலை ஓரளவு காப்பதே இந்தப் படலம்தான். சிக்கல் என்னவென்றால், டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருட்களுக்குப் புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணம். ஆக, டீ ஒட்டுவது பெரும்பாலும் எனாமலில் அல்ல, அதன் மேலுள்ள இந்தப் படலத்தில்.

பால் டீயைவிட கட்டன் டீ அதிகம் கறை பிடிப்பதற்கும் இதுதான் காரணம். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் துவர்ப்புப் பொருட்களை டம்ளரிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்காக ஒரு நாளைக்கு ஆறு பால் டீ குடித்தால் கறை வராது என்று அர்த்தம் இல்லை.

சிகரெட் கதை கொஞ்சம் வேறு. புகையில் இருக்கும் தார் கறுப்பும் பழுப்புமாகப் படியும். நிகோட்டினுக்கு நிறம் கிடையாது, ஆனால் காற்றுப் பட்டதும் மஞ்சளாக மாறும். சொரசொரப்பான இடம் கிடைத்தால் இந்தக் கறை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். அந்தச் சொரசொரப்பைத் தருவது பற்காரை. எச்சிலில் உள்ள கால்சியம் அழுக்கோடு சேர்ந்து கல்லாக இறுகுவதுதான் காரை. கீழ் முன்பற்களின் பின்பக்கம் நாக்கால் தடவிப் பார்த்தால் பலருக்கும் தட்டுப்படும். பிரஷ்ஷால் அது போகாது.

இன்னொரு காரணத்தைப் பலரும் யோசிப்பதில்லை. குளோர்ஹெக்ஸிடின் உள்ள மவுத்வாஷை வாரக்கணக்கில் விடாமல் கொப்பளித்தாலும் பல் பழுப்பாகும். அதோடு டீயும் சேர்ந்தால் கறை சீக்கிரமே வரும்.

பாலிஷ் என்றால் என்ன செய்வார்கள்?

முதலில் ஸ்கேலிங். வேகமாக அதிரும் மெல்லிய உலோக முனை காரையை உடைக்கும், கூடவே வரும் தண்ணீர் அதைக் கழுவிவிடும். அதன் பிறகுதான் பாலிஷ். சின்ன ரப்பர் கப்பில் ப்யூமிஸ் போன்ற நுண்ணிய துகள் கலந்த பேஸ்டைத் தொட்டு, குறைந்த வேகத்தில் சுழலவிட்டு, ஒவ்வொரு பல்லிலும் சில நொடிகள் மட்டும் லேசாக வைத்து எடுப்பார்கள். சில கிளினிக்குகளில் காற்று, தண்ணீர், நுண்பொடி மூன்றையும் சேர்த்துப் பீய்ச்சும் கருவி இருக்கும். ரப்பர் கப் போகாத பல் இடுக்குக்கு அது நல்லது. ஆனால் அந்தப் பொடி சமையல் சோடா வகையாக இருந்தால், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் ஆஸ்துமா போன்ற நுரையீரல் பிரச்சினை உள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதில் பல்லின் நிறம் மாறுவதே இல்லை. மேலே படிந்தது போகிறது, அடியில் இருந்த நிறம் வெளியே தெரிகிறது. அவ்வளவுதான்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும், தேயும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே குறைந்திருக்கும் பற்களைக் காரைதான் சிமென்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் பழைய ஆட்டமும் இடைவெளியும் தெரிய வரும். சில நாள் கூச்சமும் இருக்கலாம். ஆனால் பாலிஷ் பேஸ்ட் எனாமலின் மேல்பரப்பில் மிக மெல்லிய அளவைத் தேய்க்கும் என்பதும் உண்மை. அதனால்தான் கறை உள்ள பற்களுக்கு மட்டும் செய்தால் போதும் என்பார்கள் மருத்துவர்கள். மாதம் ஒருமுறை செய்துகொள்ள இது ஃபேஷியல் இல்லை.

ஒயிட்டனிங் எங்கே வேலை செய்கிறது?

எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். அதற்குள் இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். பல்லுக்கு நிறம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கோரைப்பல் மற்ற பற்களைவிட மஞ்சளாகத் தெரிவது அதில் டென்டின் தடிமன் அதிகம் என்பதால்தான், அது கறை இல்லை.

ஒயிட்டனிங் தேய்ப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலைத் தாண்டி உள்ளே போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. கிளினிக்கில் செய்யும்போது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதச் செறிவுள்ள ஜெல். ஈறில் பட்டால் வெந்துவிடும் என்பதால் முதலில் ஈறை ஒரு தடுப்புப் பூச்சால் மூடுவார்கள். வீட்டில் செய்வதற்கு, பல் அச்செடுத்து ட்ரே செய்து, அதில் பொதுவாக 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, இரவில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கணக்கில் அது சுமார் 3.5 சதவீதம்தான். சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். மெதுவான வழி, ஆனால் கூச்சம் பொதுவாகக் குறைவு.

பெராக்சைடு பல்லின் நரம்பு வரை எட்டுவதால் கூச்சம் வருவது சகஜம், பெரும்பாலும் சில நாளில் அடங்கும். சொத்தை இருக்கும் பல்லிலோ வேர் தெரியும் பல்லிலோ பட்டால் வலி தாங்காது. பற்காரை இருக்கும் இடத்தில் ஜெல் பல்லுக்கே போய்ச் சேராது. ஒயிட்டனிங்தான் தேவை என்றாலும் சுத்தம் செய்வது முதலில் வருவது இதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ள பொருட்களைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே தர முடியும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. பார்லரில் கட்டில் போட்டு நீல லைட் அடித்து ஒயிட்டனிங் செய்வதாகச் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் வாயில் என்ன தெரிந்தது?

மேல் முன்பல் ஒன்று பைக்கில் விழுந்து உடைந்து, சில வருடம் முன்பு கேப் போட்டிருக்கிறார். அன்றைய அவரது சொந்தப் பல் நிறத்துக்குப் பொருத்தமாகச் செய்த கேப். இப்போது அந்த ஒரு பல் மட்டும் வெளுப்பாகவும் மற்றவை பழுப்பாகவும் தெரிகின்றன. பளபளப்பான கேப்பில் கறை அவ்வளவாக ஒட்டவில்லை.

ஸ்கேலிங்கும் பாலிஷும் முடிந்ததும் மருத்துவர் நிற அளவுகோலை வைத்துப் பார்க்கிறார். பீங்கான் பல் மாதிரிகள் 16 வரிசையாக இருக்கும் அட்டை அது. இவருடைய பல் ஏ3. இந்த வயதுக்குச் சாதாரணமான, லேசான மஞ்சள் கலந்த நிறம். கேப்பும் ஏ3. இரண்டும் இப்போது ஒன்றாகிவிட்டன.

"இன்னும் கொஞ்சம் வெள்ளையா வேணும் டாக்டர்" என்று அவர் கேட்டால்? சொந்தப் பற்கள் ஏ1 வரை வெளுக்கலாம். கேப் வெளுக்காது, ஏ3 ஆகவே நிற்கும். பல் நிற ஃபில்லிங்குக்கும் இதே கதை. கல்யாண போட்டோவில் நட்ட நடுவில் ஒரு மஞ்சள் பல். பிறகு கேப்பை மாற்ற வேண்டும், அதற்கும் ஒயிட்டனிங் முடிந்து நிறம் நிலைப்பதற்குச் சுமார் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இருபது நாளில் இத்தனையும் நெருக்கடிதான். முதலிலேயே ஒயிட்டனிங்குக்குப் பணம் கட்டியிருந்தால், செலவு செய்து இந்தச் சிக்கலை வாங்கியிருப்பார்.

யாருக்குப் பாலிஷ் பலன் தராது?

கறை ஈறு ஓரத்திலும் பல் இடுக்கிலும் பின்பக்கத்திலும் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் மேற்பரப்புக் கறை. பல் முழுக்க ஒரே சீரான மஞ்சள் என்றால் இயற்கை நிறமாகவோ வயதின் காரணமாகவோ இருக்கலாம், ஒயிட்டனிங் நன்றாக எடுபடுவது இங்கேதான். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறத்துக்குப் போனால் அதன் நரம்பு செத்திருக்கக்கூடும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே வெள்ளைத் திட்டும் பழுப்புத் திட்டும் இருந்தால் குடிநீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்ததன் விளைவாக இருக்கலாம். தருமபுரி, சேலம் பக்கம் வளர்ந்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

வீட்டில் எலுமிச்சையும் சோடாவும், கரியும், சாம்பலும் தேய்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறு எனாமலைக் கரைக்கும், மிருதுவான அந்த எனாமலைப் பொடி தேய்த்து எடுத்துவிடும். முதலில் பளிச்சென்று இருக்கும். எனாமல் மெலிந்த பிறகு உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் அதிகமாகத் தெரியும். போன எனாமல் திரும்ப வளராது.

புகைப்பவருக்கு ஈறில் ரத்தம் வராதது நல்லதா?

கடைக்காரர் பெருமையாகச் சொன்னது: "எனக்கு ஈறுல ரத்தமே வந்தது இல்ல." புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தாலும் ரத்தக் கசிவு குறைவாகவே இருக்கும். முதல் எச்சரிக்கையே கேட்காமல் போகிறது. மருத்துவர் அளவுக்கம்பியால் பார்த்தபோது இரண்டு கடைவாய்ப் பற்களைச் சுற்றி ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஆழம். 3 வரைதான் சாதாரணம். பழுப்புக் கறைக்காக வந்தவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் இது.

அந்த இரண்டு பற்களுக்கும் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்துவிட்டு, ஆறு வாரம் கழித்து ஆழம் குறைந்ததா என்று மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். சாரத்தில் இருப்பவர்களுக்குத் தனியார் கிளினிக் தவிர, கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி முதுநிலை பல் மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. டீ குடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொன்னதற்குக் கடைக்காரர் உடனே தலையாட்டினார். சிகரெட் பற்றிக் கேட்டதற்கு, "கல்யாணம் முடியட்டும் டாக்டர்" என்றார். அதே அளவு புகையும் டீயும் தொடர்ந்தால், சில மாதங்களில் அதே இடத்தில் அதே கறை வந்து நிற்கும்.