போனஸ் பங்கு: கூடுவது எண்ணிக்கை மட்டுமே

எச்டிஎஃப்சி வங்கி தன் பங்குகளை இரண்டு முறை இரட்டிப்பாக்கியது. 2019இல் 2 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 1 ரூபாய்ப் பங்காக்கியது. 2025 ஆகஸ்டில் ஒரு பங்குக்கு ஒன்று போனஸ் தந்தது. இம்முறை முகமதிப்பு மாறவில்லை. வங்கியின் கையிருப்பு நிதியில் ஒரு பகுதி, கணக்கேட்டில் பங்கு மூலதனம் என்ற தலைப்புக்கு மாறியது. அவ்வளவுதான், உள்ளே ஒரு ரூபாய்கூடப் புதிதாக வரவில்லை.

அதனால்தான் 1,900 ரூபாய்க்கு மேலிருந்த பங்கு, போனஸ் உரிமை நீங்கிய நாளில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. 1,960 ரூபாய் வீதம் 100 பங்கு வைத்திருந்தவருக்கு மதிப்பு 1,96,000. இப்போது 980 வீதம் 200 பங்கு, அதே 1,96,000. போனஸ் பங்குகள் கணக்கில் ஏறும்வரை செல்பேசிச் செயலி பாதி நஷ்டம் காட்டும். பதறி விற்க வேண்டாம்.

முதலீட்டாளருக்கு உண்மையான வேறுபாடு வரியில்தான். பிரித்த பங்குக்குப் பழைய வாங்கிய விலையும் தேதியும் தொடரும். விலை மட்டும் பாதியாகும். போனஸ் பங்கின் அடக்கவிலை பூஜ்யம், வைத்திருந்த காலமும் ஒதுக்கீட்டு நாளிலிருந்தே. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால், கிடைத்த தொகை முழுவதும் குறுகியகால லாபம்.